நின்ற காரில் தானாக ஓடும் எஞ்சின்: ஹைப்ரிட் பேட்டரியை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. நிறுத்தி வைத்த காரில் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகிறது, நீல நிற எஞ்சின் வெப்பச் சின்னமும் நெடுநேரம் அணைவதில்லை என்று ஒருவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். "பேட்டரி போய்விட்டது" என்று சொல்லி முழு ஹைப்ரிட் பேட்டரியையும் மாற்றி அனுப்பினார்கள். மாற்றிய பிறகும் இரண்டும் அப்படியே இருந்தன. கெட்டுப்போயிருந்தது, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்.

பேட்டரி கெட்டதற்கு ஆதாரமாக அவருக்குக் காட்டியது ஒரு கண்கட்டு வித்தை. கியரை N-இல் வைத்து, ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். சார்ஜ் கட்டங்கள் ஒவ்வொன்றாக இறங்கி இரண்டில் வந்து நின்றன. எஞ்சினால் அதை ஏற்ற முடியவில்லை. பார்ப்பவருக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இவ்வகை ஹைப்ரிட்களில் N-இல் இருக்கும்போது ஜெனரேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்யாது. புத்தம்புது பேட்டரியும் அப்படித்தான் இறங்கும். கார் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். நின்ற இடத்தில் சோதிப்பதென்றால் P-இல் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

P-இல் என்ன நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாம், மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் 7.2 வோல்ட் மாட்யூல்கள் 28 இருக்கும், மொத்தம் 201.6 வோல்ட், 6.5 ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 1,300 வாட்-மணி. இதை முழுதாகக் காலியாக்க கம்ப்யூட்டர் விடாது. 60 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, 40-ஐ நெருங்கும்போது எஞ்சினை எழுப்பிவிடும். இடைப்பட்ட 20 சதவீதம் என்பது ஏறத்தாழ 260 வாட்-மணிதான். ஏசி கம்ப்ரஸர் இந்தப் பேட்டரியில்தான் ஓடுகிறது. அது ஒரு கிலோவாட் இழுத்தால் கால் மணி நேரத்தில் சார்ஜ் தீரும், எஞ்சின் எழும், சில நிமிடம் ஓடிச் சார்ஜ் ஏற்றிவிட்டு அணையும். இது கோளாறே இல்லை. அதே சுமைக்குக் கட்டங்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் சரிந்து, அதே வேகத்தில் உச்சிக்கு ஏறினால் மட்டும் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

இனி வெப்பச் சின்னம். நீலமோ பச்சையோ, அது எரிந்தால் கூலன்ட் இன்னும் சூடேறவில்லை என்று பொருள். சூடேறும்வரை பேட்டரி நிறைய இருந்தாலும் எஞ்சின் ஓடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் புகையைச் சுத்தம் செய்யும் என்பது ஒரு காரணம், ஹீட்டருக்கு வெந்நீர் வேண்டும் என்பது இன்னொன்று. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடம் எரிந்து அணைந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. இந்தக் காரிலோ கால் மணி நேரம் ஆகியும் அணையவில்லை; நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது மறுபடி எரிந்தது. ஹீட்டர் காற்றும் வெதுவெதுப்பாகவே வந்தது. ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்தபோது 60 டிகிரியைத் தாண்டியதும் தடுமாறியது. வேகமாக ஓட்டினால் இன்னும் குறைந்தது. நல்ல எஞ்சினில் அது 80-க்கு மேலேறி அங்கேயே நிற்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டதால் கூலன்ட் ஆரம்பத்திலிருந்தே ரேடியேட்டருக்குள் ஓடி ஆறிக்கொண்டிருந்தது. சூடு போதவில்லை என்று கம்ப்யூட்டர் எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருந்தது. இதற்கு P0128 என்ற பிழைக் குறியீடு காரின் கம்ப்யூட்டரில் பதிவாவதுண்டு. விலையில், பேட்டரிக்குப் பக்கத்தில் தெர்மோஸ்டாட்டை வைத்துப் பேசவே முடியாது.

ஆகவே, பேட்டரியை மாற்றச் சொன்னால் முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். பேட்டரி உண்மையிலேயே தளர்ந்திருந்தால் பெரும்பாலும் P0A80 இருக்கும். குறியீடு மட்டும் போதாது; பிரியஸ் என்றால், இரண்டிரண்டு மாட்யூல்கள் சேர்ந்த 14 பிளாக்குகளின் வோல்டேஜையும் காருக்குச் சுமை கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் அதில் ஒரு செல் போயிருக்கிறது. எல்லாம் ஒட்டி நின்றால் கையெழுத்துப் போடாமல் கிளம்புங்கள். பின் சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பேட்டரி விசிறியின் காற்றுவழி தூசியால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைத்தால் நல்ல பேட்டரியும் சூடாகித் திணறும்.

கூட்டல், கழித்தல் குறி போட்ட சிவப்புப் பேட்டரிச் சின்னத்தைக் காட்டியும் ஹைப்ரிட் பேட்டரியை விற்கப் பார்ப்பார்கள். அது 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை என்பதைச் சொல்வது.

இதையெல்லாம் நீங்களே பார்ப்பதானால் பானட்டைத் திறந்து கை வைக்கும் முன் READY விளக்கை அணைத்து, சாவியைத் தள்ளி வையுங்கள். எஞ்சின் எந்த நொடியிலும் எழலாம். P-இல் வைத்துச் சோதிப்பதையும் திறந்த வெளியிலேயே செய்யுங்கள். மூடிய கேரேஜில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது.