பேட்டன்ட் திகதியா, ஆய்விதழ்த் திகதியா? டிரான்சிஸ்டரை வைத்து ஓர் அலசல்

வெள்ளவத்தையில் சில மாணவர்கள் பாடசாலைக் கண்காட்சிக்காகக் கண்டுபிடிப்புகளின் காலக்கோடு ஒன்றைத் தயாரிக்கிறார்கள். திகதிகளைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. டிரான்சிஸ்டருக்கு ஒருவர் 1947 என்றும், இன்னொருவர் 1948 என்றும், மூன்றாமவர் 1950 என்றும் எழுதியிருந்தார்கள். “அண்ணா, பேட்டன்ட்டில 1950 எண்டு தானே இருக்கு?” என்று மூன்றாமவர் கேட்டார். அவர் சொன்னது உண்மை. மற்ற இரண்டு ஆண்டுகளுக்கும் எழுத்தில் ஆதாரம் உண்டு. ஒவ்வொரு திகதியும் எதைச் சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பேட்டன்ட்டைப் பார்ப்போம். பெல் தொலைபேசிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் முதல் டிரான்சிஸ்டரைச் செய்த ஜோன் பார்டீன், வால்டர் பிரட்டைன் இருவரின் அமெரிக்க பேட்டன்ட் இலக்கம் 2,524,035. வரைபடத் தாளின் மேல் 1950 ஒக்டோபர் 3 என்று இருக்கும். அது பேட்டன்ட் வழங்கப்பட்ட நாள். அதே தாளில் விண்ணப்பித்த நாளும் இருக்கிறது: 1948 ஜூன் 17. இரண்டுக்கும் இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் இடைவெளி. பரிசோதகர் எவ்வளவு வேகமாக வேலை செய்தார், விண்ணப்பதாரர் எத்தனை முறை பதில் எழுத வேண்டியிருந்தது என்பதையெல்லாம் பொறுத்தே அந்த இடைவெளி கூடும், குறையும். கண்டுபிடித்தவர் என்றைக்கு எதைச் செய்தார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே வழங்கிய திகதியைக் கண்டுபிடிப்புத் திகதியாக எழுதக் கூடாது. இணையத்தில் நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன.

சரி, அப்படியென்றால் ஜூன் 17 என்று எழுதலாமா? அவசரப்படக் கூடாது. ஆவணத்தின் உள்ளே படித்தால், இதற்கு முன் 1948 பெப்ரவரி 26 அன்று ஒரு விண்ணப்பம் கொடுக்கப்பட்டதும், பின்னர் அது கைவிடப்பட்டதும், ஜூன் விண்ணப்பம் அதன் பகுதித் தொடர்ச்சி என்பதும் தெரியவரும். பகுதித் தொடர்ச்சி என்றால், பழைய விண்ணப்பத்தில் இருந்த விஷயங்களுக்கு மட்டும் பழைய திகதி செல்லும். புதிதாகச் சேர்த்தவற்றுக்கு ஜூன் திகதிதான். ஒரே ஆவணத்துக்குள் இரண்டு திகதிகள் இருக்கின்றன. எந்தக் கூற்று எதைச் சேர்ந்தது என்று உரிமைக் கோரிக்கைகளைப் படித்துத்தான் பிரிக்க வேண்டும். தலைப்பை மட்டும் பார்த்து எழுதுபவருக்கு இது தெரியவே வராது.

இப்போது ஆய்விதழ். இவர்களின் கடிதம் 1948 ஜூலை 15 திகதியிட்ட ‘பிசிக்கல் ரிவியூ’ இதழில் வந்தது. அதில் ஜூன் 25 என்ற திகதியும் இருக்கிறது. அது கடிதத்தை அனுப்பிப் பதிவான நாள். அதாவது ஜூன் விண்ணப்பம் போய் எட்டாவது நாளில் கடிதம் புறப்பட்டிருக்கிறது. இந்த வரிசை தற்செயலானது அல்ல. விண்ணப்பத்துக்கு முன் விஷயம் வெளியில் வந்தால், பல நாடுகளில் புதுமை போய்விட்டது என்று பேட்டன்ட் மறுக்கப்படலாம். அதனால் கம்பனி ஆய்வுகூடங்களில் முதலில் வக்கீல், பிறகு இதழாசிரியர். இப்படிப்பட்ட இடங்களில் விண்ணப்பத் திகதி ஆய்விதழை முந்திக் கொள்ளும். நமக்கு அதுவே பயன்படும்.

ஆனால் இரண்டுமே பிந்தியவைதான். பெல் ஆய்வுகூடத்தில் அந்தக் கருவி முதலில் மின்சைகையைப் பெருக்கிக் காட்டியது 1947 டிசம்பர் 16 அன்று. மேலாளர்களுக்குச் செய்து காட்டியது டிசம்பர் 23. பேட்டன்ட்டும் இதழும் அந்த இரண்டு நாளையும் நமக்குத் தருவதில்லை. அவற்றை பிரட்டைனின் ஆய்வுக் குறிப்பேடு தருகிறது. 1947 என்று எழுதிய மாணவி குறிப்பேட்டைப் பின்பற்றியவர். 1948 என்று எழுதியவர் அச்சைப் பின்பற்றியவர். முதலாமவர் கருவி செயற்பட்ட நாளைச் சொல்கிறார், இரண்டாமவர் உலகம் அறிந்த நாளைச் சொல்கிறார்.

பேட்டன்ட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு, அது அதே ஆய்வுகூடத்தில் இருந்த ஷொக்லியிடம் நன்றாகத் தெரிகிறது. ஒரே படிகத்துக்குள் இருவகைக் குறைகடத்திகள் சந்திக்கும் இடங்களைப் பயன்படுத்தும் சந்தி டிரான்சிஸ்டர் பற்றிய யோசனை அவருக்கு 1948 ஜனவரி 23 அன்று வந்தது. விண்ணப்பம் 1948 ஜூன் 26. ஆனால் அவருடைய சகாக்களான ஸ்பார்க்ஸும் டீலும் படிகத்தை வளர்த்து உண்மையான சந்தி டிரான்சிஸ்டரைச் செய்தது 1950 ஏப்ரல் 12 அன்று. ஏறத்தாழ இரண்டு வருடம் அந்த வடிவம் தாளில் மட்டும் இருந்தது. வேலை செய்யும் மாதிரியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று பேட்டன்ட் அலுவலகம் பொதுவாகக் கேட்பதில்லை. எப்படிச் செய்வது என்று போதுமான அளவு விவரித்தால் போதும். ஷொக்லி, ஸ்பார்க்ஸ், டீல் மூவரும் சேர்ந்து எழுதிய ஆய்விதழ்க் கட்டுரை 1951 ஜூலையில் வந்தது, அளவீடுகளோடு. யோசனையின் வயது வேண்டுமென்றால் நான் பேட்டன்ட்டை எடுப்பேன். பொருள் செயற்பட்டதா என்று தெரிய வேண்டுமென்றால் ஆய்விதழைத்தான் நம்புவேன்.

வரிசை தலைகீழாகவும் போகும். தியோடர் மைமனின் லேசர் 1960 மே 16 அன்று ஒளிர்ந்தது. ‘நேச்சர்’ இதழில் வந்தது ஓகஸ்ட் 6. பேட்டன்ட் விண்ணப்பமோ 1961 ஏப்ரல் 13! அமெரிக்கச் சட்டம் வெளியீட்டுக்குப் பின் ஒரு வருடம் அவகாசம் கொடுத்ததால் இது முடிந்தது. வழங்கப்பட்டது 1967 நவம்பரில். அதை மட்டும் வைத்து எழுதினால் லேசர் ஏழு வருடம் இளையதாகிவிடும். எனவே ‘பேட்டன்ட்தான் எப்போதும் முந்தியது’ என்று பொதுவாக வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு ஆவணங்களையும் திறந்து, முந்திய விண்ணப்பத் திகதியையும் இதழுக்குக் கிடைத்த திகதியையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், கண்டுபிடிப்பு ஓர் இயற்கை நிகழ்வு என்றால் இந்தப் போட்டியே இல்லை. சி. வி. ராமன் தன் பெயரால் வழங்கும் விளைவுக்கு பேட்டன்ட் எடுத்திருக்க முடியாது. ஒளி சிதறும் விதம் யாருடைய ஆக்கமும் அல்ல. அங்கே ஆய்விதழும் குறிப்பேடும்தான் சாட்சி. ‘நேச்சர்’ இதழுக்கு அவரும் கிருஷ்ணனும் எழுதிய கடிதம் 1928 பெப்ரவரி 16 திகதியிட்டது. அச்சானது மார்ச் 31. நாம் நினைவில் வைத்திருக்கும் பெப்ரவரி 28, நிறமாலையில் தனிக் கோடுகள் தெளிவாகத் தெரிந்த நாள். கடிதம் அதற்கு முந்தியது, ஏனென்றால் வடிகட்டிகளின் ஊடாகக் கண்ணால் பார்த்ததை மட்டுமே அது சொல்கிறது. இரண்டையும் ஒரே வரியில் ‘கண்டுபிடித்த நாள்’ என்று எழுதினால் ஒன்று பொய்யாகிவிடும். அதனால் காலக்கோட்டில் ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில் ‘குறிப்பேடு’, ‘விண்ணப்பம்’, ‘கிடைத்தது’, ‘அச்சு’ என்று ஒரு சொல் எழுதச் சொல்லியிருக்கிறேன். டிரான்சிஸ்டருக்கு அந்த வரிசை 1947 டிசம்பர் 16, 1948 பெப்ரவரி 26, ஜூன் 25, ஜூலை 15.