மூன்று வரைவுகள், ஒரு பக்கம்: அடிப்படை வரைவா, அட்டவணையா?

மூன்று பேர் தனித்தனியாக எழுதிக் கொடுத்ததை ஒரே பக்கமாகச் சுருக்க நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு. இருப்பதில் நன்றாக வந்திருக்கும் வரைவை அடிப்படையாக வைத்து, மற்றவற்றிலிருந்து விடுபட்டதை மட்டும் அதில் சேர்ப்பது ஒன்று. எல்லா வரைவுகளையும் கருத்து கருத்தாக உடைத்து அட்டவணையில் போட்டு, அதை வைத்துப் புதிதாக எழுதுவது மற்றொன்று. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒட்டிவிட்டு, படித்துக்கொண்டே வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் இரண்டாவதாக வருவதுதான் எப்போதும் வெட்டுப்படும், அது மேலானதாக இருந்தாலும். எனவே அதை விட்டுவிடலாம். வேர்டில் உள்ள Combine வசதியும் இங்கே கைகொடுக்காது. ஒரே கோப்பின் வெவ்வேறு திருத்தங்களை இணைப்பதற்கானது அது. வெவ்வேறு சொற்களில் எழுதப்பட்ட ஒரே கருத்து அதன் கண்ணில் படாது.

அடிப்படை வரைவு முறை வேகமானது, நடையும் சீராக இருக்கும். ஆனால் "இது ஏற்கெனவே இருக்கிறதே" என்று தோன்றியதும் இணைப்பவர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். அந்த முடிவு எங்கும் பதிவாவதில்லை, பிறகு யாராலும் அதைச் சரிபார்க்கவும் முடியாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் அலுவலகத்தின் பேக்கப் விதிகளை மூவர் எழுதுகிறார்கள்:

அ: தினமும் இரவு 11 மணிக்கு பேக்கப் எடுக்க வேண்டும்.
ஆ: எந்த நிலையிலும் 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட தரவு இழப்பு கூடாது.
இ: பேக்கப் முடிந்ததா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும்.

"அ" அடிப்படை வரைவாக இருந்தால் "ஆ" கண்டிப்பாக அடிபடும். தினமும் எடுத்தால் 24 மணி நேரத்துக்கு மேல் எப்படி இழப்போம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அட்டவணையில் இரண்டும் அடுத்தடுத்த வரிசையில் நிற்கும்போது ஒரு கேள்வி கேட்கலாம்: ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நிறைவேறுமா? இதை இரு பக்கமும் கேட்க வேண்டும். பேக்கப் முடிய மூன்று மணி நேரம் ஆகிறது, தொடங்கிய நேரத்துத் தரவைத்தான் அது பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 1 மணிக்கு சர்வர் போனால் இன்றைய பேக்கப் பாதியில் நிற்கும். கையில் இருப்பது அதற்கு முந்தைய நாள் இரவு 11 மணித் தரவு மட்டுமே. இழப்பு 26 மணி நேரம். "அ"வை அப்படியே பின்பற்றினாலும் "ஆ" நிறைவேறவில்லை, ஆகவே இரண்டும் ஒன்றல்ல. "இ"யும் வேறு வேலை, அதுவும் நிற்க வேண்டும்.

இரு பக்கமும் "ஆம்" என்று வந்தால் மட்டுமே அது திரும்பச் சொன்ன கருத்து. தெளிவான வாக்கியத்தை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம். ஒரு பக்கம் மட்டும் "ஆம்" என்றால் ஒன்று மற்றதற்குள் அடங்குகிறது, கடுமையானது நிற்க வேண்டும். "பேக்கப்பைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும்", "குறைந்தது 90 நாள்" என்ற இரண்டில் 90 போதும். அதுவே "30 நாளில் அழித்துவிட வேண்டும்" என்று ஒருவரும் "குறைந்தது 90 நாள்" என்று இன்னொருவரும் எழுதியிருந்தால் அது முரண்பாடு. அதை இணைப்பவர் தீர்க்கக் கூடாது, எழுதியவர்களிடமே திருப்பி அனுப்ப வேண்டும். அடிப்படை வரைவு முறையில் இத்தகைய முரண்பாடுகள் வெளியே தெரிவதே இல்லை. அடிப்படை வரைவில் இருக்கும் எண் சத்தமில்லாமல் வென்றுவிடுகிறது.

அட்டவணைக்கு நான்கு நெடுவரிசைகள் போதும்: எண், ஒரே வாக்கியத்தில் கருத்து, எந்த வரைவின் எந்தப் பத்தி, காரணம். கடைசி நெடுவரிசையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அட்டவணை முறையின் பெரிய குறை இதில்தான் வெளிப்படுகிறது. கருத்தை உடைக்கும்போது "ஏன்" என்பது உதிர்ந்துபோய், ஆவணம் வெறும் கட்டளைப் பட்டியலாகிவிடும். இன்னொன்று: மூவரும் ஒன்றையே சொன்னால் அது முக்கியம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். மூவரும் ஒரே பழைய சுற்றறிக்கையிலிருந்து எடுத்திருந்தால் அது ஒரே குரல்தான்.

இரண்டே வரைவுகள், அதிலும் ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது என்றால் அடிப்படை வரைவு முறையே போதும், அட்டவணை வீண் உழைப்பு. ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுதிய மூன்று வரைவுகள் வந்துவிட்டால் நான் தயங்காமல் அட்டவணைக்குத்தான் போவேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிசைக்கும் நேரே, ஆவணத்தில் அது சேர்ந்த இடத்தையோ நீக்கிய காரணத்தையோ குறித்து மூவருக்கும் அனுப்பினால், அவரவர் கருத்து என்ன ஆனது என்று அவர்களே தேடிப் பார்த்துக்கொள்வார்கள்.