நீண்ட ஆவணத்தின் ஒரு வரியைப் பற்றிக் கேட்பது: ஏழு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

இணையச் சேவையகங்களைப் பராமரிக்கும் பணியில், எச்.டி.டி.பி. நெறிமுறையின் ஆர்.எஃப்.சி. எனப்படும் தர ஆவணங்களைப் பற்றிச் சக பணியாளர்களிடம் ஐயம் கேட்பது எனக்கு வாடிக்கை. அந்த ஆவணங்களில் எந்த வரியைக் கேட்கிறேன் என்று சுட்டிக்காட்ட ஒரு முறையை ஏழு ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திக் கையாண்டு வருகிறேன். ஆவணத்தின் எண், பிரிவு எண், அப்பிரிவிலுள்ள நான்கைந்து சொற்கள், அதன்பின் கேள்வி என்பதே அதன் இன்றைய வடிவம்.

தொடக்கத்தில் நான் பக்க எண்ணைத்தான் கொடுத்து வந்தேன். இப்போது நடப்பிலுள்ள ஆர்.எஃப்.சி. 9110-ஐ உலாவியில் திறந்தால் பக்கங்களே இல்லை. பிடிஎஃப் வடிவில் மட்டுமே உண்டு. நான் ஒரு வடிவிலும் எதிரில் இருப்பவர் வேறொரு வடிவிலும் படிக்கும்போது பக்க எண் இருவருக்கும் பொதுவானதாக இருப்பதில்லை. பிரிவு எண்ணோ எல்லா வடிவங்களிலும் ஒன்றே.

ஆனால் ஆவணத்தின் எண்ணைச் சேர்க்காத பிரிவு எண் பக்க எண்ணைவிட ஆபத்தானது என்பதை ஒரு கேள்வியில் பட்டுத்தான் அறிந்தேன். பயனரிடம் இருக்கும் நகல் இன்னும் செல்லுபடியாகும் என்று தெரிவிக்கும் 304 பதிலில், கடைசியாக மாற்றிய நேரத்தைச் சொல்லும் Last-Modified என்ற தலைப்புப் புலத்தையும் அனுப்ப வேண்டுமா என்று கேட்டிருந்தேன். எந்த ஆவணம் என்று சொல்லவில்லை. ஒருவர் 10.3.5 என்றார், இன்னொருவர் 4.1 என்றார், மூன்றாமவர் 15.4.5 என்றார். மூவர் சொன்னதும் சரிதான்: முதலாவது 1999-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2616-இன் பிரிவு, இரண்டாவது 2014-இன் 7232, மூன்றாவது 2022-இன் 9110.

எண் மட்டும் மாறியிருந்தால் குழப்பம் சிறியதாகவே இருந்திருக்கும், விதியும் மாறியிருந்தது. பழைய ஆவணத்தில், நிபந்தனைக் கோரிக்கை வலுவற்ற சரிபார்ப்புக் குறியைப் பயன்படுத்தியிருந்தால், அப்பிரிவு தரும் பட்டியலில் இல்லாத உள்ளடக்கத் தலைப்புகளை அனுப்பவே கூடாது. புதிய ஆவணமோ 'அனுப்பாதிருப்பது நல்லது' என்ற அளவிலேயே நிற்கிறது. தற்காலிகச் சேமிப்பைப் புதுப்பிக்க உதவுமெனில் அனுப்பலாம் என்று விலக்கும் தருகிறது. அந்த விலக்குக்கு அது காட்டும் எடுத்துக்காட்டே, நகலின் பதிப்பை அடையாளம் காட்டும் ETag இல்லாத பதிலில் Last-Modified பயன்படக்கூடும் என்பதுதான். 10.3.5-ஐப் படித்தவரும் 15.4.5-ஐப் படித்தவரும் எனக்கு எதிரெதிரான விடைகளைத் தந்தது அதனால்தான். தவறு என் கேள்வியில் இருந்தது.

இரண்டாம் தடவை இப்படி எழுதினேன்:

```
RFC 9110, 15.4.5
"Last-Modified might be useful"
https://www.rfc-editor.org/rfc/rfc9110.html#section-15.4.5
```

இதன் கீழ்க் கேள்வி: "எங்கள் 304 பதிலில் ETag இருக்கிறது. அப்படியானால் இந்த விலக்கு எங்களுக்குப் பொருந்தாது என்றும், Last-Modified-ஐ விட்டுவிடலாம் என்றும் புரிந்துகொள்கிறேன். ஆனால் 8.8.2.1 அதை இயன்றவரை அனுப்பச் சொல்கிறது. இரண்டில் எது 304-க்குப் பொருந்தும்?" ஒரே ஒரு மறுமொழியில் விடை முடிந்தது: 8.8.2.1 பொதுவான பரிந்துரை, 15.4.5 இந்த ஒரு பதில் வகைக்கென்றே எழுதப்பட்டது. எனவே விட்டுவிடுவதில் தடையில்லை.

மேற்கோள் குறுகியதாக இருப்பது முக்கியம். உரை வடிவில் ஒவ்வொரு வரியும் ஏறத்தாழ எழுபது எழுத்துகளில் உடைகிறது. மேற்கோள் இரண்டு வரிகளில் விழுந்தால் உலாவியின் தேடல் அதைக் கண்டுபிடிக்காமல் போகலாம், படிப்பவரோ அந்த வாசகம் ஆவணத்திலேயே இல்லை என்று நினைத்துவிடுவார். இதற்கு மாறாக, `304` என்று மட்டும் கொடுத்துத் தேடச் சொன்னால் அது பல இடங்களில் வந்து நிற்கும். உலாவி வடிவில் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் சுட்டியை வைத்தால் ஒரு ¶ குறி தோன்றுகிறது. அதைச் சொடுக்கினால் அந்தப் பத்திக்கே உரிய இணைப்பு கிடைக்கிறது. பட்டியல்களும் எண்ணிக்கையில் சேர்வதால், பத்தியின் எண்ணைக் கையால் எண்ணி எழுதுவதை நான் கைவிட்டுவிட்டேன்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு, ஏழு ஆண்டுகளிலும் அது நீங்கவில்லை. இடத்தைத் துல்லியமாகக் காட்டினால், பதில் சொல்பவர் அந்தப் பத்தியை மட்டுமே படிக்கிறார். விதி வேறொரு பிரிவில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தால் அது அவர் கண்ணில் படுவதில்லை. மேற்கண்ட கேள்வியில் 8.8.2.1-ஐ நானே குறிப்பிட்டிருக்காவிட்டால், என் புரிதல் சரி என்று தலையசைத்துவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆகவே, கேள்வியை அனுப்புமுன் அந்தத் தலைப்புப் புலத்தின் பெயரை ஆவணம் முழுவதும் ஒருமுறை தேடி, முரண்படுவதுபோல் தோன்றும் இரண்டாவது இடம் ஏதேனும் இருந்தால் அதன் எண்ணையும் சேர்க்கிறேன். இதற்குப் பத்து நிமிடம் பிடிக்கிறது. சில வேளைகளில் அந்தத் தேடலிலேயே விடை கிடைத்துவிட, எழுதிய கேள்வியை அனுப்பாமலே அழித்திருக்கிறேன்.