ஆளுக்கொன்றா, வீட்டுக்கொன்றா?

ஊருக்குப் போகும்போது வீட்டாருக்குப் பரிசுகளை ஆளுக்கொன்றாக வாங்குவதா, வீட்டுக்கொன்றாக வாங்குவதா? சென்ற இரண்டு பயணங்களில் இரண்டு முறைகளையும் செய்து பார்த்துவிட்டேன். இனி வீட்டுக்கொன்றுதான்.

ஊரில் எங்களுக்கு நான்கு வீடுகள்: அப்பா அம்மா, அண்ணன், அக்கா, தங்கை. பிள்ளைகள் ஆறு பேரையும் சேர்த்துப் பதினான்கு பேர். எனக்கு அனுமதித்த எடை 23 கிலோ. வெறும் பெட்டியே 4 கிலோ, என் துணிமணிகள் 7 கிலோ. வீட்டுத் தராசுக்கும் விமான நிலையத் தராசுக்கும் வேறுபாடு வரலாம் என்று 1 கிலோ ஒதுக்கினால், பரிசுகளுக்கு மிஞ்சுவது 11 கிலோ.

முதல் பயணத்தில் ஆளுக்கொன்றாக வாங்கினேன். ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கேட்டு வாங்குவதில் உள்ள மகிழ்ச்சி வேறெதிலும் இல்லை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கண்ணாடிப் புட்டியும் அட்டைப்பெட்டியும் பொருளைவிடக் கனத்தன. எடையைத் தோராயமாகக் கணக்கிட்டுப் புறப்பட்டவனுக்கு, விமான நிலையத்தில் இரண்டரை கிலோ அதிகம் என்றார்கள். வரிசையில் நின்றபடி பெட்டியைத் திறந்து, மேலே இருந்ததை எடுத்து வழியனுப்ப வந்த நண்பரிடம் கொடுத்தேன். கடைசியாக அடுக்கியவை தங்கை வீட்டுப் பொருட்கள். ஊரில் மற்ற மூன்று வீட்டாரும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, தங்கையின் மகள் மட்டும் என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பயணத்தில் நான்கு வீடுகளுக்கும் ஒரே வகைப் பெரிய துண்டு இரண்டிரண்டு, வீட்டுக்கு 1 கிலோ. பிள்ளைகளுக்கு ஒரே விலையில் ஆளுக்குக் கால் கிலோவுக்குள் ஒரு பொருள். எதிர்பாராமல் வருபவர்களுக்கென்று அரை கிலோவில் இரண்டு சிறு பொருட்கள். எல்லாம் சேர்ந்து 6 கிலோ. துணி என்பதால் உடையவும் இல்லை, அட்டைப்பெட்டியும் தேவைப்படவில்லை. ஒரே பொருள் என்பதால் யாருக்கு உயர்ந்தது என்ற ஒப்பீடும் எழவில்லை. எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொன்று: எடை கூடிவிட்டாலும் வீட்டுக்கு ஒரு துண்டாக எடுத்துவிடலாம், குறைவது எல்லோருக்கும் சமமாகக் குறையும். இந்த முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு வெறுமனே ஏறி, வேறுபாட்டைக் குறித்துக்கொண்டேதான் புறப்பட்டேன்.

அண்ணன் வீட்டில் ஐந்து பேர், அப்பா அம்மா இருவர்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவா என்று கேட்கலாம். பிள்ளைகளுக்குத் தனியாகக் கொடுப்பதால் அந்த ஏற்றத்தாழ்வு பெரிதும் சரியாகிவிடுகிறது. கல்லூரி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது எடுபடுமா என்பதை நான் பார்த்ததில்லை, எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சிறியவர்கள்.

ஊருக்குப் போய் வாங்கிக்கொடுப்பது மூன்றாவது வழி. எடைக் கவலை இல்லை. ஆனால் முதல் நாள் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை. பவர் பேங்க் போன்றவற்றை எந்த முறையில் வாங்கினாலும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போடக்கூடாது.

அம்மாவுக்கென்று தனியாக ஒன்று வாங்கத்தான் செய்தேன். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் உறங்கிய பிறகு கொடுத்தேன்.