மாத நடுவில் வீட்டைக் காலி செய்தால் வாடகை எவ்வளவு? மூன்று கணக்குகளும் ஒரு சோதனையும்

மாதம் முடியும் முன்பே வீட்டைக் காலி செய்பவர், இருந்த நாள்களுக்கு மட்டும் வாடகை கொடுத்தால் போதும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்குகிறது. ஒரு நாளின் வாடகை எவ்வளவு? இதற்கு மூன்று கணக்குகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு தொகையைத் தருகின்றன. வாடகைக்கு இருந்தும், பின்னர் ஒரு மாடியை வாடகைக்கு விட்டும் இந்தக் கணக்கை இரண்டு பக்கமிருந்தும் போட்டிருக்கிறேன். என் ஒப்பந்தத்தில் இப்போது ‘மாதத்தின் உண்மையான நாள்கள்’ என்ற முறையைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்ல மாட்டேன்.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடலாம். பகுதி மாதத்திற்குப் பகுதி வாடகை என்பது எல்லா இடங்களிலும் தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. ஒப்பந்தம் என்ன சொல்கிறது, அந்தந்த ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது அது. ‘எந்தத் தேதியில் காலி செய்தாலும் முழு மாத வாடகை’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், கீழே உள்ள கணக்குகளுக்கு வேலையே இல்லாமல் போகலாம்.

இனிக் கணக்கு. மாத வாடகை 18,600 என்று வைத்துக்கொள்வோம். வாடகை மாதம் 1ஆம் தேதி தொடங்குகிறது, 31 நாள் உள்ள மாதம், 19ஆம் தேதி மாலை சாவி ஒப்படைக்கப்படுகிறது.

உண்மையான நாள் முறையில் 18,600ஐ 31ஆல் வகுக்கிறோம். நாள் வாடகை 600. அதை 19ஆல் பெருக்கினால் 11,400.

முப்பது நாள் முறையில் எந்த மாதமாக இருந்தாலும் 30ஆல்தான் வகுப்பார்கள். நாள் வாடகை 620, பத்தொன்பது நாளுக்கு 11,780.

ஆண்டு முறையில் வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி 365ஆல் வகுக்க வேண்டும். நாள் வாடகை ஏறத்தாழ 611.51. பத்தொன்பது நாளுக்கு 11,618.63 வருகிறது. லீப் ஆண்டில் 366ஆல் வகுப்பதா என்ற கேள்வியையும் ஒப்பந்தத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு உண்மையான நாள் முறை குடியிருப்பவருக்குச் சாதகம் என்று முடிவு கட்டக் கூடாது. அதே வீட்டை 28 நாள் பிப்ரவரியில் 19ஆம் தேதி காலி செய்தால் நிலைமை தலைகீழ். உண்மையான நாள் முறையில் 12,621.43 கட்ட வேண்டும். மற்ற இரண்டிலும் தொகை மாறுவதில்லை, 11,780, 11,618.63 என்று அப்படியே நிற்கிறது. எந்த முறை லாபம் என்பது காலி செய்யும் மாதத்தைப் பொறுத்தது. ஒப்பந்தம் எழுதும் நாளில் அந்த மாதம் யாருக்கும் தெரியாது. எனவே லாபத்தை வைத்து முறையைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

நான் வைக்கும் சோதனை வேறு. இருந்த நாள்களுக்கான வாடகையையும் இல்லாத நாள்களுக்கான வாடகையையும் கூட்டினால் சரியாக ஒரு மாத வாடகை வர வேண்டும். இது ஏன் அவ்வளவு முக்கியம்? வாடகையை முன்கூட்டியே கட்டும் பழக்கம் உள்ள இடங்களில், காலி செய்யும் மாதத்தின் முழு வாடகையும் ஏற்கெனவே வீட்டுக்காரர் கைக்குப் போயிருக்கும். அப்போது கேள்வி ‘எவ்வளவு கட்ட வேண்டும்’ என்பதிலிருந்து ‘எவ்வளவு திரும்ப வரும்’ என்பதாக மாறிவிடுகிறது. அதற்கு விடை காண இரண்டு வழிகள் உண்டு. இருந்த நாள்களின் வாடகையை முழுத் தொகையிலிருந்து கழிக்கலாம். அல்லது இல்லாத நாள்களை நேரடியாக நாள் வாடகையால் பெருக்கலாம். இரண்டும் ஒரே விடையைத் தராவிட்டால், ஒரே முறையை ஒப்புக்கொண்ட இருவரும் ஆளுக்கொரு தொகையோடு நிற்பார்கள்.

31 நாள் மாத உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். இருந்த நாள் 19, இல்லாத நாள் 12. உண்மையான நாள் முறையில் 11,400 போக 7,200 திரும்ப வர வேண்டும். பன்னிரண்டை 600ஆல் பெருக்கினாலும் 7,200தான். சிக்கல் இல்லை.

முப்பது நாள் முறையில், 18,600லிருந்து 11,780ஐக் கழித்தால் 6,820 வருகிறது. பன்னிரண்டை 620ஆல் பெருக்கினாலோ 7,440. வீட்டுக்காரர் முதல் வழியில் போடுவார், குடியிருந்தவர் இரண்டாவது வழியில் போடுவார். இருவரும் சொல்வது ஒப்பந்தத்தில் உள்ள முப்பது நாள் முறையைத்தான். இடைவெளி 620, அதாவது சரியாக ஒரு நாள் வாடகை. முப்பது நாளாக நினைத்த மாதத்தில் உண்மையில் 31 நாள் இருப்பதால் முளைத்த நாள் அது. பிப்ரவரியில் எதிர்ப்பக்கம் சாயும். இருந்த 19 நாளையும் இல்லாத 9 நாளையும் 620ஆல் பெருக்கிக் கூட்டினால் 17,360. மாத வாடகைக்கு 1,240 குறைகிறது. ஆண்டு முறையிலும் இதே சிக்கல்தான். 31 நாளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 18,956.71 வருகிறது. முழு மாதம் தங்கியவர்கூடக் கட்டாத தொகை.

முப்பது நாள் முறைக்கு வக்காலத்து வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல பதில் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. வகுப்பதற்கு 30 என்றால் எண்ணுவதற்கும் 30 என்றே வைக்க வேண்டும் என்பார்கள். அதாவது 19ஆம் தேதி காலி செய்தால் இல்லாத நாள் 12 அல்ல, 30லிருந்து 19 போக 11. பதினொன்றை 620ஆல் பெருக்கினால் 6,820; கூட்டுத்தொகை சரியாகப் பொருந்திவிடுகிறது. மாதத்தின் கடைசி நாள் எதுவானாலும் அதை முப்பதாவது நாளாகக் கொள்வது இதன் விதி. இப்படி முழுமையாகக் கடைப்பிடித்தால் முறையில் முரண்பாடு இல்லை. பல வீடுகளை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு எல்லா மாதமும் ஒரே நாள் வாடகை என்பது பெரிய வசதியும்கூட.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 31 நாள் மாதத்தில் 30ஆம் தேதி போனாலும் 31ஆம் தேதி போனாலும் ஒரே வாடகை. பிப்ரவரியில் 27ஆம் தேதி போனால் 16,740, 28ஆம் தேதி போனால் 18,600. அந்த ஒரு நாளுக்கு மட்டும் மூன்று நாள் வாடகை, 1,860. இதைச் சாவி வாங்கும் நேரத்தில் எதிரில் நிற்பவருக்கு விளக்கிப் புரிய வைக்க வேண்டும். விளக்கத் தேவையில்லாத முறை இருக்கும்போது நான் ஏன் இதற்குப் போக வேண்டும்?

உண்மையான நாள் முறையிலும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வகுக்க வேண்டியது நாள்காட்டி மாதத்தின் நாள்களால் அல்ல, வாடகை மாதத்தின் நாள்களால். 20ஆம் தேதி குடிவந்தவரின் வாடகை மாதம் பெரும்பாலும் 20ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 19ஆம் தேதி முடியும். அவர் பிப்ரவரி 10ஆம் தேதி காலி செய்கிறார் என்று வைப்போம். நடப்பு வாடகை மாதம் ஜனவரி 20 முதல் பிப்ரவரி 19 வரை, மொத்தம் 31 நாள். ஜனவரியில் 12 நாள், பிப்ரவரியில் 10 நாள், ஆக 22 நாள் இருந்திருக்கிறார். வாடகை 13,200. பிப்ரவரியில் காலி செய்ததால் 28ஆல் வகுத்து 22ஆல் பெருக்கினால் 14,614.29 வந்துவிடும். கணக்கு தவறியதை மேலே சொன்ன கூட்டல் சோதனையே காட்டிக்கொடுக்கும். இல்லாத 9 நாளையும் அதே விகிதத்தில் சேர்த்தால் மொத்தம் 18,600ஐத் தாண்டிவிடுகிறது.

அடுத்து, நாள்களை எண்ணுவது. 31 நாள் மாதத்தில் மேலே உள்ள மூன்று முறைகளுக்கும் இடையே அதிகபட்ச வேறுபாடு 380தான். ஒரு நாளைத் தவறாக எண்ணினால் 600 போய்விடும். குடியிருந்த முதல் நாளும் கடைசி நாளும் இரண்டும் சேரும் என்பதே வழக்கமான எண்ணிக்கை. 1 முதல் 19 வரை என்றால் 19 நாள். கணினி விரிதாளில் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் 18 என்றுதான் காட்டும். ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாள் A1 கட்டத்திலும், கடைசி நாள் B1 கட்டத்திலும், வாடகை மாதத்தின் நாள்கள் C1 கட்டத்திலும் இருந்தால் சூத்திரம் இது:

```
=ROUND(18600*(B1-A1+1)/C1,2)
```

பெருக்கலை முதலில் செய்து, வகுத்து, கடைசியில் மட்டும் முழுமையாக்குவதைக் கவனியுங்கள். நாள் வாடகையை முதலிலேயே 664.29 என்று சுருக்கிவிட்டால் 28 நாள் பிப்ரவரியின் முழு வாடகை 18,600.12 ஆகிறது. சில்லறைதான், ஆனால் சில்லறைக்கும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசி நாள் எது என்பதுதான் எண்ணிக்கையை விடக் கடினம். சாமான்களை 16ஆம் தேதி ஏற்றிவிட்டு, சாவியை 19ஆம் தேதி கொடுத்தால், பொதுவாக 19 வரை வாடகை உண்டு. அதுவரை வீடு அவர் பொறுப்பில்தான் இருந்தது. சாவியை 19ஆம் தேதி கொடுத்தாலும் முன்னறிவிப்புக் காலம் 25ஆம் தேதிதான் முடிகிறது என்றால், பல ஒப்பந்தங்களில் 25 வரை வாடகை ஓடும். அப்போது தொகை 11,400 அல்ல, 15,000. முன்னதாகவே வீட்டை எடுத்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சாவி வாங்கிய அன்றே தேதியோடு ஒரு வரி, அது குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும்.

மின்சாரம், தண்ணீர் போல மீட்டர் உள்ளவற்றை நாள் விகிதத்தில் பிரிக்க வேண்டாம். காலி செய்யும் நாளின் மீட்டர் அளவே கணக்கு. மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையாக இருக்கும் பராமரிப்புக் கட்டணத்தை வாடகையைப் போலவே பிரிக்கலாம். வார வாடகை முறையிலும் கடை வாடகையிலும் என் அனுபவம் குறைவு. வார வாடகையை நான்கால் பெருக்கி மாத வாடகை என்று சொல்லக் கூடாது, 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் ஒப்பந்தத்தில் உள்ள வாசகம் இது: ‘வாடகை மாதம் முடியும் முன் குடியிருப்பு முடிவுக்கு வந்தால், மாத வாடகையை அந்த வாடகை மாதத்தின் மொத்த நாள்களால் வகுத்து, முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணிய நாள்களுக்கு வாடகை கணக்கிடப்படும். சாவி ஒப்படைத்த நாள், முன்னறிவிப்புக் காலம் முடியும் நாள் ஆகிய இரண்டில் பிந்தியதே கடைசி நாள். இரு தரப்பும் எழுத்தில் வேறு நாளை ஒப்புக்கொண்டால் அந்த நாள். கூடுதலாகச் செலுத்திய வாடகை, முன்பணத்தைத் திருப்பித் தரும்போது தனி வரியாகக் காட்டித் தரப்படும்.’ அந்தக் கடைசி வரியைப் பிற்பாடுதான் சேர்த்தேன். திரும்ப வர வேண்டிய வாடகையை முன்பணத்தோடும் பழுதுச் செலவோடும் ஒரே தொகையாகக் கலந்துவிட்டால், எதில் எவ்வளவு பிடித்தார்கள் என்று பிறகு பிரித்துப் பார்க்க முடிவதில்லை.