கேக்கில் தமிழ்: முழு வாழ்த்தா, பெயரும் வயதுமா, ஆச்சியின் சொல்லா?

ஆச்சிக்கு எண்பது வயது நிறைந்தபோது ஒரு கிலோ கேக் வாங்குவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதன்மேல் என்ன எழுதுவது என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது. "இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள் ஆச்சி" என்று அத்தை. "ஆச்சி 80" போதும் என்று தம்பி. ஆச்சி வாசலில் யாரைக் கண்டாலும் சொல்கிற "வா, சாப்பிடு" என்பதையே எழுதலாம் என்று நான். கடைசியில் என் கட்சி வென்றது. ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று யாரும் எண்ண வேண்டாம்.

முழு வாழ்த்தின் பலம் தெரிந்ததுதான். யாரும் குறை சொல்ல முடியாது, கடைக்காரருக்கும் பழக்கமானது. ஆனால் பெயரை மாற்றினால் அதே வரி யாருக்கும் பொருந்தும். பெரியவர்கள் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்று பேனர் எழுதும் ஊரில் எண்பது வயதுக்காரரைப் பேரப்பிள்ளை வாழ்த்தலாமா என்று ஒருவர் கிளப்புவார். "வாழ்த்துகள்" சரியா, "வாழ்த்துக்கள்" சரியா என்று இன்னொருவர் தொடங்குவார். கேக்கைப் பொறுத்தவரை முதலாவதே நல்லது. ஒரு "க்" குறைகிறதே!

அந்த "க்" தான் என் வாதத்தின் மையம். எழுத்தின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுப்பவர்கள் புள்ளியை மறந்துவிடுகிறார்கள். காகிதத்தில் புள்ளி ஒரு தொடுகை. கிரீமில் அது தனியாக ஒரு வேலை. கோனை அழுத்தி, அழுத்தத்தை நிறுத்தி, அதன்பிறகே தூக்க வேண்டும். நிறுத்தாமல் தூக்கினால் புள்ளிக்கு வால் முளைக்கும். அந்த வால் சாய்ந்து கீழே இருக்கிற எழுத்தைத் தொட்டுவிட்டால் "ள்" பார்வைக்கு "ளி" ஆகிவிடும். முன்பு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்த கேக்கில் "பிறந்தநாளி" என்றுதான் இருந்தது. "வாழ்த்துகள்" என்பதில் "ழ்" மேல் இருக்க வேண்டிய புள்ளி "த்" மேல் போய், அங்கே இரண்டு புள்ளிகள் நின்றன. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. செல்பேசித் திரையில் இருந்ததைக் கோலம்போல் பார்த்து வரைந்திருந்தார். வரைகிறவருக்குப் புள்ளி ஓர் அலங்காரம். இடம் மாறினாலும் விட்டுப்போனாலும் அவர் கண்ணில் படாது.

இந்தக் கண்ணோடு மூன்று வாசகங்களையும் அளந்து பாருங்கள். ஒரு கிலோ வட்டக் கேக் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலம். ஓரத்துப் பூ வேலைக்குச் சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் விட்டால், எழுத 15 சென்டிமீட்டர் வட்டம் மிஞ்சும். அத்தையின் வாசகம் நான்கு வரி பிடிக்கும். மூன்றாம் வரியில் வரும் "நல்வாழ்த்துகள்" காலையும் சேர்த்து ஒன்பது எழுத்தின் இடம் கேட்கும். வட்டம் அங்கே குறுகத் தொடங்கிவிடுவதால் ஓர் எழுத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர்தான் கிடைக்கும். கிரீம் இழையின் தடிமனே மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போது "ழ", "து" ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அத்தனை நெருக்கத்தில் அந்த வாசகம் முழுவதற்கும் ஏழு புள்ளிகள் வைத்தாக வேண்டும்.

"ஆச்சி 80" என்பதில் புள்ளி ஒன்றே ஒன்று. எழுத்தைப் பெரிதாகப் போடலாம், அறையின் மறுகோடியிலிருந்தும் படிக்கலாம். கடையில் கூட்டமாக இருக்கும் நாளில் அவசரமாகச் சொல்லி வாங்குவதென்றால் இதைத்தான் பரிந்துரைப்பேன். குழந்தைகளுக்கும் இது அழகு. என் மனத்தாங்கல் ஒன்றுதான்: வயதைச் சொல்ல எண் வடிவ மெழுகுவர்த்தி இருக்கிறது. அது நிற்கும்போது கேக்கிலும் 80 எதற்கு? எண்ணை எடுத்துவிட்டால் மிஞ்சுவது "ஆச்சி" மட்டும். அதுவும் மோசமில்லை.

"வா, சாப்பிடு" என்பதிலும் புள்ளி ஒன்றுதான். "வா" மேல் வரியில், "சாப்பிடு" கீழ் வரியில். கீழ் வரிக்கு ஐந்து எழுத்தின் இடம் போதும். எழுத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் கொடுத்தும் இருபுறமும் கொஞ்சம் இடம் மிஞ்சியது. "ண", "ணை" போலச் சுழி அடைக்கும் எழுத்து ஒன்றும் இல்லை. "கண்ணம்மா" என்று கூப்பிடுகிற வீட்டாருக்கு இந்தச் சலுகை கிடைக்காது. அவர்கள் இழையை மெல்லியதாக்கி, எழுத்தைப் பெரிதாக்கித்தான் சமாளிக்க வேண்டும். எங்கள் வாசகத்தில் ஆச்சியின் பெயர் இல்லை என்று அத்தை கடைசிவரை முணுமுணுத்தார். அது உண்மையான குறைதான். வெளியாள் வந்து பார்த்தால் கேக்தான் அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறது என்று நினைத்திருப்பார்.

செய்முறையில் இரண்டு விஷயம் உதவியது. கேக் அளவுக்குக் காகிதம் வெட்டி, தடித்த மார்க்கரால் வாசகத்தை முழு அளவில் எழுதி, புள்ளியைச் சிவப்பில் வைத்துக் கடையில் கொடுத்தேன். செல்பேசியில் அனுப்பும் குட்டி எழுத்தைப் பெரிதாக்கி வரைவதில் வரும் தவறுகள் இதில் வராது. இரண்டாவது, கேக்கின் மேல் நேராக எழுதாமல் ஒரு மெல்லிய சாக்லேட் தகட்டில் எழுதச் சொன்னேன். பிழை வந்தால் வழித்துவிட்டு மறுபடி எழுதலாம். விப்பிங் கிரீம்மேல் எழுதினால் வழிக்கும்போது பரப்பே பாழாகும். ஈரத்தில் சாயம் கசிந்து எழுத்து தடித்தும் போகும். சாக்லேட்டை உருக்கி எழுத்தாகவே வார்த்து, உறைந்தபின் எடுத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. வீட்டில் ஒரே ஒருமுறை செய்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: தமிழுக்கு அது ஒத்துவரவில்லை. எழுத்து ஒரே துண்டாக வந்துவிட்டது. புள்ளி எழுத்தோடு ஒட்டியிருப்பதில்லை அல்லவா, தனியே உதிர்ந்து தட்டில் கிடந்தது.

ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். பிறகு, "இதைப் போய் எழுத வேண்டுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து அதையே சொன்னார்.

அடுத்து அப்பாவின் அறுபது வருகிறது. அவருடைய சொல் "பார்த்துப் போ". பால் வாங்கப் போனாலும் வெளிநாடு போனாலும் அதுதான். மூன்று புள்ளி, போதாக்குறைக்கு இருபுறமும் கொம்பும் காலுமாக ஒரு "போ". "மெல்லப் போ" என்று மாற்றினால் ஒரு புள்ளி குறையும் என்கிறான் தம்பி. அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. காகித வட்டம் வெட்டி வைத்திருக்கிறேன். மூன்று புள்ளிகளின் வாலையும் ஈரப் பல்குச்சியால் அமுக்கிவிட வேண்டியதுதான்.