வயிற்றில் நீர்: ஊசியில் எடுப்பதா, ஸ்டென்ட் போடுவதா?

அப்பச்சிக்கு வயது 68, கல்லீரல் கெட்டிப்படும் சிரோசிஸ் வந்து மூன்று வருடம் ஆகிறது. போன சித்திரையில் மதுரையில் டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வயிற்றில் நீர் சேரச் சேர ஊசி வழியாக வடித்து எடுப்பது. இன்னொன்று டிப்ஸ்: கழுத்து ரத்தக்குழாய் வழியாகப் போய், கல்லீரலுக்குள்ளேயே ஒரு ஸ்டென்ட் வைத்துப் புதுப்பாதை திறப்பது. நாங்கள் முதல் வழியை எடுத்தோம்.

மாத்திரையையும் உப்பு குறைப்பதையும் விரிக்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் அதுதான் ஆரம்பம். சிறுநீராக நீரை இறக்கும் ஸ்பைரோனோலாக்டோன், ஃப்ரூசமைடு, நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு. உப்புக்கறியும் மோர் மிளகாயும் இல்லாத காரைக்குடிச் சாப்பாட்டை அப்பச்சி ஒரு வருடம் சாப்பிட்டார். அப்புறம் மாத்திரையைக் கூட்டினால் சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியது, குறைத்தால் வயிறு ஏறியது. அந்தக் கட்டத்தில்தான் இந்தக் கேள்வி வருகிறது.

நீர், உணவுக்குழாய் ரத்தநரம்பு வீக்கம், மனக்குழப்பம் மூன்றுக்கும் ஒரே வேர். கல்லீரல் கெட்டிப்பட்டுப் போனதால் குடலிலிருந்து வரும் ரத்தம் உள்ளே போக முடியாமல் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் வயிற்றில் நீர் கசிகிறது, உணவுக்குழாயின் ரத்தநரம்புகள் புடைக்கின்றன. பக்கவழியாகத் தப்பிப் போகும் ரத்தம் அம்மோனியாவைச் சுத்தம் செய்யாமலே மூளைக்குக் கொண்டுபோகிறது. ஸ்டென்ட் அழுத்தத்தைக் குறைப்பதால் முதல் இரண்டுக்கும் நல்லது. ஆனால் அதுவே ஒரு பெரிய பக்கவழி என்பதால் மூன்றாவது கூடலாம். ஸ்டென்ட் போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குழப்பம் வருகிறது.

எங்களை முடிவு செய்ய வைத்தது இந்த மூன்றாவதுதான். தை மாதம் ஒரு கல்யாணத்துக்குத் தேவகோட்டை போனபோது, மலத்தை இளக்கி அம்மோனியாவை வெளியேற்றும் லாக்டுலோஸ் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டோம். இரண்டு நாள் மலம் போகவில்லை. தினமும் காலையில் எடை பார்த்து ஒரு நோட்டில் அவரே எழுதுவார், கணக்குப்பிள்ளை மாதிரி சீரான எழுத்து. மூன்றாம் நாள் எழுத்து கோட்டை விட்டுக் கீழே சரிந்தது, தேதியும் தப்பு. பகலெல்லாம் தூங்கிவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு முகப்பில் நின்றுகொண்டு பூட்டாத கதவுக்குச் சாவி தேடினார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்தது. ஆஸ்பத்திரியில் எனிமாவும் லாக்டுலோஸும் கொடுத்து ஒன்றரை நாளில் தெளிந்தார். அதிலிருந்து நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகும் அளவுக்கு லாக்டுலோஸ், கூடவே குடலில் வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக் ரிஃபாக்ஸிமின். லாக்டுலோஸை அளவுக்கு மேல் கொடுத்துப் பேதியானால் உடம்பு வறண்டு குழப்பம் கூடும் என்பதால் எண்ணிக்கையை ஆத்தா குறித்து வைக்கிறார். பருப்பு, முட்டையை நிறுத்தவில்லை. புரதத்தைக் குறைத்தால் தசை கரையும், அம்மோனியாவை எரிப்பதில் தசைக்கும் பங்கு உண்டு.

ஸ்டென்ட் இல்லாமலே ஒரு பாட்டில் மறந்ததற்கு இவ்வளவு என்றால், அதைப் போட்டுக்கொண்டு இரவில் யார் காவல் இருப்பது? ஆத்தாவுக்கு 63 வயது, நான் திருச்சியில்.

ஊசி வழியில் 15 நாளைக்கு ஒருமுறை காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பி விடலாம். ஆனால் விடக்கூடாதது ஒன்று உண்டு. 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்ற வேண்டும். ஏழு லிட்டர் எடுத்த நாளில் எட்டால் பெருக்கினால் 56 கிராம், அதாவது 20 கிராம் பாட்டில் மூன்று. ஒரு இடத்தில் செலவு மிச்சம் என்று ஒரே பாட்டிலோடு முடித்தார்கள். அடுத்த இரண்டு நாள் சிறுநீர் சுருங்கி, எழுந்தால் தலைசுற்றி, சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்று பயந்தோம். எடுத்த நீரை ஒவ்வொரு முறையும் செல் எண்ணிக்கைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒரு கன மில்லிமீட்டரில் 250-க்கு மேல் இருந்தால் நீரில் கிருமி, அன்றே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். காய்ச்சல் இல்லாமல் குழப்பம் மட்டும் வந்தாலும் இந்தக் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும்.

உணவுக்குழாய்க்கு எண்டோஸ்கோப்பியில் வளையம் போட்டார்கள், மூன்று தடவையில் நரம்புகள் அடங்கின. அந்த அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் மாத்திரை கொடுத்தபோது மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனதால் நிறுத்திவிட்டார்கள். தார் மாதிரி கறுப்பாக மலம் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு, காலைவரை காத்திராமல் கிளம்ப வேண்டும்.

ஸ்டென்ட்டைக் குறை சொல்லவில்லை. போட்டவர் ஒருவரைத்தான் பக்கத்தில் பார்த்திருக்கிறேன், பள்ளத்தூர்க்காரர், 52 வயது, அவருக்கு நீர் வற்றி வேலைக்கே போகிறார். வயது குறைவு, மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின் 3-க்குள், இதயம் நன்றாக இருக்கிறது, ஒருமுறையும் குழப்பம் வந்ததில்லை என்றால் நானும் அதைத்தான் கேட்பேன். அப்பச்சிக்குப் பிலிரூபின் 3.4. கல்லீரல் மாற்றுக்குப் பதிவு செய்வது பற்றி அடுத்த வாரம் பேசப் போகிறோம். இன்று காலை நோட்டில் 61.2 என்று எழுதியிருக்கிறார், எழுத்து கோட்டின் மேலேயே இருக்கிறது.